நோட்டா, ஆப்பா: உங்கள் வேலை எந்த வழியில் நழுவுகிறது?

ஜனவரி பிறந்தால் திருப்பூரில் வரி ஆலோசகர் அலுவலகங்களுக்கு டைரி வந்து குவியும். நூல் வியாபாரி ஒன்று தருவார், வங்கிக் கிளையிலிருந்து ஒன்று வரும், இன்சூரன்ஸ் ஏஜென்ட் கேட்காமலே இரண்டு தருவார். அதே மாதத்தில் அலுவலகத்தில் யாராவது ஒருவர் போனில் புதிதாக ஓர் ஆப்பை இறக்கிவிட்டு, இனிமேல் எல்லாம் இதில்தான் என்று அறிவிப்பார். மார்ச் வருமுன் டைரி இழுப்பறைக்குள் போய்விடும். ஆப்பில் நாள் கடந்த வேலைகள் சிவப்பு எழுத்தில் நீண்டுகொண்டே போகும்.

எது சிறந்தது என்று கேட்பதால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கிறேன். நோட்டும் ஆப்பும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்கள் அல்ல. ஆப் உங்களைக் கூப்பிடும், நோட்டு கூப்பிடாது. நோட்டில் ஒன்றைத் தள்ளிப்போடக் கை வலிக்கும், ஆப்பில் வலிக்காது. உங்கள் வேலைகள் மறதியால் நழுவுகின்றனவா, தள்ளிப்போடுவதால் நழுவுகின்றனவா, அடுத்தவருக்காகக் காத்திருந்து நழுவுகின்றனவா என்பது தெரியாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குதான்.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. போன மாதம் தாமதமான வேலைகளையும் விட்டுப்போனவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். முழுப் பட்டியல் வேண்டாம், நினைவுக்கு வருபவை போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு சொற்களில் ஒன்றைப் போடுங்கள்: மறந்தது, தள்ளியது, காத்திருந்தது, பதியவே இல்லை. கடைசிச் சொல், யாரோ சொன்ன வேலை எங்கேயும் எழுதப்படாமல் காற்றில் போனதற்கு. எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் ஓட்டை. வரி ஆலோசனை எங்கள் தொழில். அதில் இந்த நான்கும் ஒரே மாதத்துக்குள் வந்துவிடும் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மறதி. எங்களுக்கு மாதம் என்பது தேதிகளின் வரிசை. போன மாதம் பிடித்த டிடிஎஸ் தொகையை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை பில்களின் விவரம். 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ. 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, அதில் வரியும் சேர்ந்து போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு நிறுவனங்களுக்குத் தமிழ்நாட்டில் 3பி-க்கு 22-ஆம் தேதி. இவற்றில் எதுவும் யோசிக்க வேண்டிய வேலை அல்ல, ஆனால் ஒருநாள் பிசகினால் காசு போகும். ஜூன் மாதம் பிடித்த டிடிஎஸ் 40,000 ரூபாயை ஜூலை 7-க்குப் பதில் 8-இல் கட்டினால் ஒரு நாள் தாமதம்தானே என்று தோன்றும். ஆனால் வட்டி பிடித்த நாளிலிருந்து ஓடுகிறது, மாதத்துக்கு 1.5 சதவீதம், மாதத்தின் ஒரு துண்டும் முழு மாதம். ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று, ஆக 3 சதவீதம். ஒரு நாளுக்கு 1,200 ரூபாய்.

இந்த வகை வேலையைக் காகிதத்தில் வைப்பதில் அர்த்தம் இல்லை. நோட்டைத் திறந்தால்தான் அது பேசும், திறக்க மறந்த நாளில்தான் 7-ஆம் தேதி வரும். அதோடு ஒவ்வொரு மாதமும் அதே வரிகளைத் திரும்ப எழுத வேண்டும். கை சோர்ந்த ஒரு மாதம் ஏதாவது ஒரு வரி விடுபடும். விடுபட்டது என்று காட்ட அங்கே ஒன்றும் இருக்காது.

ஆப்பில் இதை ஒருமுறை சரியாகப் போட்டால் போதும். 'சரியாக' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. Todoist என்ற ஆப்பில் வேலையின் பெயரோடு தேதியையும் இப்படித் தட்டச்சு செய்யலாம்:

```
every 5th
every 21 jul, 21 oct, 21 jan, 21 may
every! 14 days
```

முதல் வரி டிடிஎஸ் சலான் போடுவதற்கு. 7-ஐ விட்டுவிட்டு 5 என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். கெடு நாளை நினைவூட்டலாக வைத்தால், அன்றைக்கு வங்கி சர்வர் மக்கர் செய்தால் கதை முடிந்தது. வேலையைத் தொடங்கும் நாளைத்தான் ஆப்பில் வைக்க வேண்டும். இரண்டாவது வரி டிடிஎஸ் காலாண்டு ரிட்டர்னுக்கு, அதுவும் கெடு நாளுக்குப் பத்து நாள் முன்பே. அதன் கெடு நாள்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை, கடைசிக் காலாண்டுக்கு ஏப்ரல் 30 அல்ல, மே 31. 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை' என்று பொதுவாகப் போட்டால் அந்த ஒன்று தவறாக விழும். மூன்றாவது வரியில் உள்ள ஆச்சரியக்குறி, வேலையை முடித்த நாளிலிருந்து எண்ணு என்று சொல்கிறது. ஃபீஸ் பாக்கி வைத்திருப்பவரிடம் கேட்டுப் போன் செய்வது போன்ற வேலைகளுக்கு இது பொருந்தும். பேசி மூன்று நாள்கூட ஆகாதபோது மறுபடியும் 'பாக்கி கேள்' என்று அது நச்சரிக்காது. அதே குறியை ஜிஎஸ்டிக்குப் போட்டால் ஆபத்து. இந்த மாதம் தாமதமாக முடித்தால் அடுத்த மாதத் தேதியும் சேர்ந்து நகர்ந்துவிடும், அரசாங்கத்தின் தேதியோ நகராது.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு, நாம் திறக்காத ஆப்களைத் தூங்கவைத்துவிடும். நினைவூட்டல் வராது, அல்லது அடுத்தமுறை ஆப்பைத் திறக்கும்போது மொத்தமாக வரும். பத்து நிமிடம் கழித்து ஒலிக்கும்படி ஒரு பொய்யான வேலையைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு போனை மேசையில் வையுங்கள். ஒலித்தால் நம்பலாம். ஒலிக்காவிட்டால் போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். இதைச் சோதிக்காமலே ஆப் மேல் பழி போடுபவர்கள் நிறைய.

அடுத்து தள்ளிப்போடுவது. இங்கேதான் ஆப் காலை வாருகிறது.

வரித்துறையிலிருந்து ஏஎஸ்எம்டி-10 என்று ஒரு நோட்டீஸ் வரும். நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னில் இந்த வித்தியாசம் தெரிகிறது, விளக்கம் கொடுங்கள் என்பது சாரம். பதில் சொல்ல அதிகபட்சம் 30 நாள். ஆப்பில் இதை 'நோட்டீஸுக்குப் பதில்' என்று போட்டுவைக்கிறோம். காலையில் அது எட்டிப்பார்க்கிறது. இன்றைக்கு 3பி வேலை இருக்கிறதே என்று விரலால் ஒரு தள்ளு, நாளைக்குப் போய்விட்டது. நாளைக்கும் அதே தள்ளு. அதை மறந்திருக்கவே மாட்டோம். தினமும் பார்த்திருப்போம், தினமும் தள்ளியிருப்போம். நினைவூட்டல் எத்தனை வந்தாலும் இந்த நோய்க்கு மருந்து ஆகாது, ஏனென்றால் நோய் மறதி அல்ல. போகப்போக மணியோசை காதிலேயே விழாது.

நோட்டில் இது வேறு விதமாக நடக்கும். ஒவ்வொரு நாளும் புதுப் பக்கம் என்று வைத்துக்கொண்டால், நேற்று முடியாத வேலையைக் கையால் மறுபடி எழுதினால்தான் அது இன்றைய பக்கத்துக்கு வரும். புல்லட் ஜர்னல் முறையை 2013-இல் வெளியிட்ட அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் இந்த மறு எழுத்தையே முறையின் நடுவில் வைத்தார். புள்ளி போட்டு வேலை, முடிந்தால் பெருக்கல் குறி, அடுத்த பக்கத்துக்குப் போனால் அம்புக்குறி. அவருடைய பெயரில் பின்னால் கிளம்பிய வண்ணப் பேனாவும் ஸ்டிக்கரும் பூ வரைதலும் எனக்குத் தேவைப்படவில்லை. அந்த அம்புக்குறி ஒன்றே போதும்.

'நோட்டீஸுக்குப் பதில்' என்று மூன்றாவது பக்கத்தில் மூன்றாவது முறை எழுதும்போது பேனா தயங்கும். அந்தத் தயக்கம்தான் நோட்டு தரும் தகவல். இதற்கு அர்த்தம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் அல்ல, எழுதிவைத்தது வேலையே அல்ல என்பதுதான். நோட்டீஸுக்குப் பதில் என்பது ஐந்தாறு வேலைகளின் தொகுப்பு. போர்ட்டலிலிருந்து நோட்டீஸை இறக்கி, எந்த மாதங்களில் வித்தியாசம் என்று குறிக்க வேண்டும். சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து போர்ட்டல் தரும் பட்டியலான 2பி-யை அந்த மாதங்களுக்கு இறக்கி, நாம் எடுத்த வரிக் கழிவோடு பில் வாரியாக ஒப்பிட வேண்டும். 2பி-யில் இல்லாத பில்களுக்கு சப்ளையரைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில் எழுதி ஏற்றுவது வரும். நான்காவது முறை எழுதுவதற்குப் பதில் 'நோட்டீஸ் இறக்கு, மாதங்களைக் குறி, 20 நிமிடம்' என்று எழுதினால் அன்றைக்கே அது நடந்துவிடும்.

இதற்கு உளவியலில் ஒரு சோதனையும் உண்டு. முடிக்காத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது பழைய கருத்து. மசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியது, வேலையை முடிக்காவிட்டாலும் எப்போது, எப்படிச் செய்வோம் என்று குறிப்பாகத் திட்டம் போட்டாலே அந்த அரிப்பு குறைகிறது என்பதை. தலைப்பை மட்டும் எழுதிவைத்தால் அது கிடைக்காது. ஆப்பிலும் இப்படி உடைத்து எழுதலாம்தான், துணை வேலைகளுக்கு இடம் உண்டு. ஆனால் உடைக்க வேண்டும் என்று உங்களை உறுத்தும் எதுவும் ஆப்பில் இல்லை. தள்ளுவது அங்கே அவ்வளவு சுலபம்.

உங்கள் தாளில் 'தள்ளியது' அதிகம் இருந்தால் புது ஆப் தேடாதீர்கள். முப்பது ரூபாய்க்கு வாங்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மூன்றாவது ஓட்டை காத்திருப்பது. திருப்பூரில் இது பெரிய ஓட்டை. பனியன் கம்பெனிக்காரர் விற்பனை பில் அனுப்பினால்தான் நான் ஜிஎஸ்டிஆர்-1 போட முடியும். அவருக்கு டையிங் யூனிட், பிரிண்டிங், ஸ்டிச்சிங் ஜாப் ஒர்க் பில்கள் எல்லாம் வரவேண்டும். ரிட்டர்ன் தயாரானாலும் ஓடிபி அவருடைய போனுக்குத்தான் போகும், அவர் மும்பை ரயிலில் இருப்பார். 11-ஐத் தவறவிட்டால் அவருடைய பில், வாங்கியவரின் 14-ஆம் தேதி 2பி-யில் வராது, அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அப்புறம் வாங்கியவர் நேரே கூப்பிடுவார்: "என்னங்க, உங்க பில் டூபில காட்டவே இல்லீங்களே, பேமென்ட் எப்படிங்க போடறது?"

இங்கே ஒரு வேலை என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஐந்து கட்டம்: பில் வந்தது, ஜிஎஸ்டிஆர்-1 போட்டது, 2பி ஒப்பிட்டது, வரி கட்டியது, 3பி போட்டது. 45 கிளையன்ட் என்றால் 225 புள்ளிகள். இதை ஆப்பில் வேலைகளாகப் போட்டால் 225 வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும், அதைப் பார்த்து ஒரு மனிதனால் ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. லாங் சைஸ் நோட்டில் எதிரெதிர் பக்கங்களை விரித்து, இடப்பக்கம் பெயர்கள், மேலே ஐந்து கட்டம், கோடு போட்டுவிட்டால் மொத்த மாதமும் ஒரே பார்வையில் தெரியும். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பதிவு பார்க்கும் அக்கா 9-ஆம் தேதி காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் கட்டத்தில் வெற்றிடமாக இருப்பவர்களுக்கு மட்டும் வரிசையாகப் போன் போடுவார். டிக்குகளை அவர் பார்ப்பதே இல்லை.

எக்செல் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு கிளைகளில் ஆள் வைத்திருப்பவர்களுக்குப் பகிர்ந்த ஷீட்தான் சரி. நாங்கள் ஒரே அறையில் இருப்பவர்கள். மேசை நடுவில் திறந்து கிடக்கும் நோட்டை யாரும் திறக்க வேண்டியதில்லை, கணினித் திரையில் போர்ட்டல் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சாளரத்தைத் தேட வேண்டியதும் இல்லை. கட்டத்தின் ஓரத்தில் 'ரயிலில், சனி வருவார்' என்று பென்சிலில் கிறுக்கலாம். டாஸ்க் ஆப் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஷீட்டா நோட்டா என்பது உங்கள் அறையைப் பொறுத்தது.

கடைசி ஓட்டை, பதியவே இல்லாதது. இது நீங்கள் எங்கே இருக்கும்போது வேலை வருகிறது என்பதைப் பொறுத்தது. எனக்குப் பாதி வேலை போன் பேச்சில் வருகிறது. போன் காதில் இருக்கும்போது அதே போனில் ஆப்பைத் திறந்து தட்டச்சு செய்வதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். இடது கையில் போன், வலது கையில் பேனா என்பதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. வெளி வேலை பார்க்கும் தம்பிக்கு இது நேர் எதிர். அவர் நாள் முழுக்க வண்டியில் அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு என்று கம்பெனி கம்பெனியாகப் போகிறவர். வண்டியை ஓரம் கட்டி நோட்டை எடுத்து எழுத அவரால் முடியாது. நோட்டு அலுவலகத்திலும் அவர் ரோட்டிலுமாகத்தான் இருப்பார்கள். கிளையன்ட் வாசலில் நின்றுகொண்டே ஆப்பின் மைக்கில் சொல்லிவிடுகிறார்.

அவரை நான் ஒருகாலத்தில் நோட்டு பக்கம் இழுக்கப் பார்த்தேன்.

"அண்ணா, எனக்கு நோட்டு வெச்சா அது மழைல நனையறதுக்குத்தானுங்க ஆகும்" என்றார்.

"சரி, ஆப்ல போட்டதைத் தள்ளித் தள்ளி விடறியே?"

"நான் தள்ளறதே இல்லீங்கண்ணா. கையெழுத்து வாங்கறது, செக் வாங்கறது, இதுல தள்ள என்ன இருக்குது? அங்க போனா வாங்கிட்டு வர்றதுதான்."

அவர் சொன்னது சரி. அவருடைய வேலைகள் சிறியவை, இடத்தோடு ஒட்டியவை, யோசிக்க வைக்காதவை. தள்ளும் பழக்கம் தலைகாட்ட அங்கே இடமே இல்லை. அவருடைய தாளில் 'மறந்தது'வும் 'பதியவே இல்லை'யும் மட்டும்தான் வரும், ஆப் இரண்டையும் அடைத்துவிடும். ஆக அவருக்கு ஆப் மட்டும், அக்காவுக்குக் கட்டம் போட்ட நோட்டு மட்டும். எனக்குத்தான் இரண்டும் தேவைப்படுகிறது, அதுவும் கொஞ்சம் எரிச்சலோடுதான்.

இரண்டையும் வைத்துக்கொள்பவர்களுக்கு வரும் பிரச்சினை, ஒரே வேலை இரண்டு இடத்தில் இருப்பது. ஆப்பில் முடிந்தது என்று தட்டியிருப்பீர்கள், நோட்டில் அப்படியே நிற்கும். அல்லது நோட்டில் அடித்திருப்பீர்கள், ஆப் இரவு எட்டு மணிக்கு மணியடிக்கும். இது ஒரு வாரம் நடந்தால் இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விடும். அப்புறம் பழையபடி நினைவில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். நான் வைத்திருக்கும் பிரிவினை இது: தேதியால் வருவது ஆப்பில் மட்டும் இருக்கும். மனிதரால் வருவதும் யோசிக்க வேண்டியதும் நோட்டில் மட்டும் இருக்கும். காலையில் அலுவலகம் திறந்ததும் ஆப்பில் இன்றைய தேதிக்கு உள்ளவற்றைப் பார்த்து, இன்றைய பக்கத்தில் கையால் எழுதிக்கொண்டு, ஆப்பை மூடிவிடுகிறேன். பக்கத்தில் ஏழெட்டு வரிக்கு மேல் போனால் அங்கேயே நிறுத்திவிடுவேன், எழுதிய அத்தனையையும் செய்யப்போவதில்லை என்பது எனக்கே தெரியும். சாயங்காலம் நோட்டைப் பார்த்து ஆப்பில் முடிந்தவற்றைத் தட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்தச் சாயங்கால வேலை இரண்டு நிமிடம்தான், ஆனால் முறை கெட்டுப்போகும்போதெல்லாம் கெடுவது இந்த இடத்தில்தான். உங்களுக்கு அந்த இரண்டு நிமிடம் நடக்காது என்று தெரிந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பை நம்புகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது பட்டியலை ஏற்றுமதி செய்து கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. வண்டர்லிஸ்ட் என்று ஓர் ஆப் உலகம் முழுக்கப் பலர் விரும்பிப் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் அதை 2015-இல் வாங்கி 2020 மே மாதம் மூடியது. மாற்றிக்கொள்ள அவகாசமும் வழியும் கொடுத்தார்கள் என்றாலும், பல வருடப் பழக்கத்தை வேறொரு திரைக்கு மாற்றுவது லேசான வேலையாக இருந்திருக்காது. நோட்டுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் அது தொலைந்தால் நகல் கிடையாது. மாதம் முடியும் நாளில் கட்டம் போட்ட பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும்.

இரண்டிலும் எழுதக்கூடாத ஒன்றும் உண்டு. எங்கள் ஊரில் வரி அலுவலக நோட்டுகளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், கிளையன்ட்களின் போர்ட்டல் பாஸ்வேர்டுகள் வரிசையாக இருக்கும். டாஸ்க் ஆப்பின் குறிப்புப் பகுதியில் போட்டுவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். டீக்கடை மேசையில் நோட்டை மறந்துவிட்டு வந்தாலும் சரி, திரைப்பூட்டு இல்லாத போன் தொலைந்தாலும் சரி, போவது அத்தனை கம்பெனிகளின் சாவியும். பாஸ்வேர்டுக்கென்றே தனி ஆப்கள் உண்டு. அவற்றை அங்கே மாற்றிவிட்டு அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.